பழைய இன்டர்னுக்கு லிங்க்ட்இனில் ஒரு வரிப் பரிந்துரை: காலமும் சொல்லும் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டைக்காரன்

வணக்கம். பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் டாக்குமென்டேஷன் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். 2023 ஜூன், ஜூலையில் ஒரு பி.காம் மாணவி எங்களிடம் இன்டர்னாக இருந்தாள். கொருக்குப்பேட்டைப் பெண். வேலையில் நல்ல கவனம். இப்போது படிப்பை முடித்துவிட்டு ஒரு பெரிய ஃபார்வர்டிங் கம்பெனிக்கு விண்ணப்பிக்கிறாள். லிங்க்ட்இனில் பரிந்துரை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தாள். சுருக்கமாக இருந்தால்தான் படிப்பார்கள் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பினேன்.

```
She has worked under me in 2023 as a intern and she is having good knowledge in documentation and very sincere.
```

அனுப்பிச் சில நாள் ஆகிவிட்டது, அவள் இன்னும் அதைத் தன் பக்கத்தில் ஏற்றவில்லை. போனில் கேட்டேன். "ரொம்ப நன்றி சார், நேரம் கிடைக்கும்போது அந்த டென்ஸ் மட்டும் ஒருமுறை பார்த்துடுங்க" என்றாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே தவறு, எப்படி மாற்றுவது? ஒரு வரியாகவே இருக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு இது முதல் வேலை, என் வரியால் அவளுக்கு ஒரு குறை வரக் கூடாது.

பழைய வண்ணை ஆசிரியர்

முப்பது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். ‘ஏ இன்டர்ன்’ தவறு, ‘ஆன் இன்டர்ன்’ வேண்டும். ‘இஸ் ஹேவிங்’ கூடாது. அறிவு, குணம் போன்றவை ஒருவரிடம் இருக்கிறது என்று சொல்ல அந்த ‘இங்’ வடிவம் வராது. ‘குட் நாலெட்ஜ் இன்’ என்பதை ‘ஆஃப்’ என்று மாற்றுங்கள்.

காலத்துக்கு வருவோம். அவள் போய்விட்டாள், எல்லாம் முடிந்து போனது. முடிந்துபோனதற்கு ‘ஹேட்’. வாக்கியம் முழுவதையும் கடந்த காலத்தில் வைத்துவிடுங்கள்.

```
She had worked under me in 2023 as an intern, had good knowledge of documentation and was very sincere.
```

பெரம்பூர் புரூஃப் ரீடர்

ஐயா, முதலில் சொன்ன மூன்று திருத்தமும் சரி. ‘ஹேட் வொர்க்ட்’ மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

‘ஹேட்’ வர வேண்டும் என்றால் பக்கத்திலேயே கடந்த காலத்தில் இன்னொரு சம்பவம் இருக்க வேண்டும். வேறு கம்பெனியில் சேருவதற்கு முன்பே அவள் எங்களிடம் வேலை பார்த்திருந்தாள் என்றால் ‘ஹேட்’ பொருந்தும். இங்கே அப்படி இரண்டாவது சம்பவம் எதுவும் இல்லை. தனியாக நிற்கும் ‘ஹேட் வொர்க்ட்’டைப் படிப்பவர் "சரி, அப்புறம் என்ன ஆச்சு?" என்று அடுத்த வாக்கியத்தைத் தேடுவார்.

நண்பர் எழுதிய ‘ஹேஸ் வொர்க்ட்’டும் நிற்காது. அதற்குக் காரணம் ‘இன் 2023’. தமிழில் "2023-ல் எங்களிடம் வேலை பார்த்திருக்கிறாள்" என்று தாராளமாகச் சொல்லலாம். ஆண்டும் வரும், ‘இருக்கிறாள்’ என்பதும் வரும், இரண்டுக்கும் சண்டை இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் நாம் ‘ஹேஸ் வொர்க்ட் இன் 2023’ என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் முடிந்துபோன ஒரு காலத்தைக் குறிப்பிட்டுச் சொன்னதுமே ‘ஹேஸ்’ போய்விடும், வெறும் ‘வொர்க்ட்’ போதும்.

ஆண்டை எடுத்துவிட்டு ‘ஹேஸ்’ஸை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். இலக்கணம் சரியாகிவிடும், பொருள் கெடும். ‘ஹேஸ் வொர்க்ட் வித் அஸ் ஃபார் டூ மந்த்ஸ்’ என்று போட்டால் இன்னும் உங்களிடமே வேலையில் இருக்கிறாள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே அவளே ஜூலை 2023-ல் முடிந்தது என்று போட்டிருப்பாள்.

எண்ணூர் தம்பி

எனக்கும் இதே பிரச்சினைதான். ஒரு தொழிற்சாலையில் அப்ரென்டிஸாக இருந்தேன். கொடுத்த சான்றிதழில் முடிந்த தேதி தப்பாக இருக்கிறது. எத்தனை முறை போய்க் கேட்டாலும் "அடுத்த வாரம் வா" என்கிறார்கள். அங்கே இருந்த சூப்பர்வைசர் நல்லவர். அவரை லிங்க்ட்இனில் சரியான தேதி போட்டு ஒரு வரி எழுதச் சொன்னால் சான்றிதழுக்குப் பதில் அதைக் காட்டலாமா? அண்ணன் எழுதியது போல ‘இன் 2023’ என்று போட்டால் போதுமா?

மணலி எச்ஆர்

தம்பி, இரண்டும் வேறு வேறு. லிங்க்ட்இனில் வருவது ஒரு தனி ஆளின் கருத்து. உங்களுக்கு வேண்டியது கம்பெனி தன் லெட்டர்ஹெட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தருவது. வேலையில் சேரும்போது சரிபார்ப்பவர்கள் கம்பெனியைத்தான் கேட்பார்கள், சூப்பர்வைசரின் வரியைத் தேதிக்கு ஆதாரமாக எடுக்க மாட்டார்கள். தவறான தேதி, சரியான தேதி இரண்டையும் எழுதி, பழைய சான்றிதழின் நகலோடு மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் போனால் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். இதற்கு ஒரு தனி இழை போடுங்கள், அங்கே விரிவாகப் பேசலாம்.

இழை தொடங்கியவருக்கு: நான் ஆள் எடுக்கிற பக்கம் இருக்கிறவள். ஆசிரியர் எழுதிக் கொடுத்த வாக்கியத்தில் ‘ஹேட்’டை விட எனக்கு உறுத்தியது, கடைசி வரை எல்லாமே கடந்த காலத்தில் இருப்பது. ‘வாஸ் வெரி சின்சியர்’ என்று படித்தால் "அப்போ இருந்தாள், இப்போ இல்லையா?" என்று மனசு கேட்கும். இரங்கல் குறிப்பு மாதிரி ஆகிவிடுகிறது. வேலை முடிந்தது, ஆள் இருக்கிறாளே.

‘அண்டர் மீ’யும் வேண்டாம். பரிந்துரை எழுதும்போது அவளோடு உங்களுக்கு என்ன உறவு, அப்போது அவள் பதவி என்ன என்று லிங்க்ட்இனே கேட்டிருக்குமே? நீங்கள் தேர்ந்தெடுத்த அந்த உறவு, தேதியோடு சேர்ந்து உங்கள் பெயருக்குக் கீழே தானாகவே வரும். நீங்கள் மேலே, அவள் கீழே என்பது ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் ‘வித் அஸ்’ என்றால் போதும்.

காசிமேடு கடலோரம்

அந்தப் பெண் ஏன் நேராகச் சொல்லவில்லை என்று நான் சொல்கிறேன், போன வருடம் அந்த இடத்தில் இருந்தவள் நான். வந்த பரிந்துரையில் பெறுபவர் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. ஏற்கலாம், ஏற்காமல் விடலாம், இல்லையென்றால் திருத்திக் கொடுங்கள் என்று திருப்பிக் கேட்கலாம். அந்தத் திருப்பிக் கேட்கும் பொத்தானை ஒரு பெரியவரிடம் அழுத்த மனசு வராது சார். "எனக்கு நல்லது செஞ்சவருக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றேனா" என்று தோன்றும். அவள் டென்ஸ் என்ற ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கிறாள். நீங்களே அதை மாற்றி அனுப்பினால் அவளுக்குப் பெரிய உதவி.

‘சின்சியர்’ பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊரில் அது ஒழுங்காக வேலை செய்கிற ஆள் என்ற பொருளில் ஓடுகிறது. பள்ளிக்கூட நன்னடத்தைச் சான்றிதழில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிற சொல். வெளிநாட்டு ஆட்கள் படித்தால் பாசாங்கு இல்லாதவள் என்று மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள். நான் நேர்காணலுக்குப் போன இடத்தில் மேலாளர் சிங்கப்பூரில் இருந்தார். என் பரிந்துரையில் இருந்த அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, அதை ஏன் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டார்.

பழைய வண்ணை ஆசிரியர்

‘ஹேட்’ பற்றிப் புரூஃப் ரீடர் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், இரண்டாவது சம்பவம் இல்லைதான். ஆனால் ‘சின்சியர்’ நல்ல சொல். இந்தியக் கம்பெனியில் இந்தியர் படிக்கப்போகிறார். நம் ஊர் வழக்கு நம் ஊரில் செல்லும். அதை ஏன் எடுக்க வேண்டும்?

தண்டையார்பேட்டைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. அவளே திருத்த முடியாது என்பது எனக்குத் தெரியாத விஷயம், இப்போதுதான் அவள் தயங்கியது புரிகிறது. நீங்கள் சொன்னதை வைத்து மாற்றிப் பார்த்தேன். ‘குட் நாலெட்ஜ்’ வெறுமையாகப் பட்டதால் வேலையின் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.

```
As our intern in 2023, she handled customs clearance of export shipments and is very sincere.
```

ஜி கார்டு

சார், காலம் இப்போது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘ஹேண்டில்ட் கஸ்டம்ஸ் க்ளியரன்ஸ்’ வேண்டாம். நானும் ராஜாஜி சாலையில் இதே தொழிலில் இருப்பவன், அதனால்தான் சொல்கிறேன்.

2018 கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்சிங் விதிகள் உங்களுக்குத் தெரியாதது இல்லை. சுங்கத்தில் போய் நிற்க எஃப், ஜி, எச் என்று ஏதாவது ஒரு கார்டு வேண்டும். எச் கார்டுக்குத் தேர்வு கிடையாது, ஜி கார்டுக்குத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மாத இன்டர்னிடம் எந்தக் கார்டும் இருந்திருக்காது. ஃபார்வர்டிங் கம்பெனியில் நேர்காணல் எடுக்கிறவர் இதே வேலையிலிருந்து வந்தவராக இருப்பார். க்ளியரன்ஸ் பார்த்தாள் என்று படித்ததும் "என்ன கார்டும்மா வெச்சிருந்த?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்று சொன்னால் உங்கள் வரி பொய்யாகும், அந்தப் பெண் அங்கேயே திணறுவாள். நல்லது செய்ய நினைத்து அவளை மாட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும்.

‘அசிஸ்டெட் இன்’ என்று போட்டால் பொய் இல்லை. ஆனால் அது என்ன செய்தாள் என்றே சொல்லாது. ஃபைல் தூக்கிக்கொண்டு போனாலும் அசிஸ்டெட்தான். அவள் கையால் என்ன செய்தாள் என்று சொல்லுங்கள், அதற்கான வினைச்சொல் தானாக வரும்.

தண்டையார்பேட்டைக்காரன்

நீங்கள் சொன்ன கார்டு விஷயம் மிகச் சரி. அவள் செய்தது செக்லிஸ்ட் சரிபார்ப்பு. சுங்கத்துக்குக் கொடுக்கும் ஏற்றுமதி ஆவணமான ஷிப்பிங் பில் போடுவதற்கு முன்னால் ஒரு செக்லிஸ்ட் எடுப்போம், அதை ஏற்றுமதியாளருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவோம். அந்தச் செக்லிஸ்டை இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் இரண்டோடும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கிற வேலைதான், பாதி பேர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு டிக் அடிப்பார்கள்.

ஒரு முறை ஷூ அப்பர் சரக்கு. பேக்கிங் லிஸ்டில் மொத்த எடை 1,420 கிலோ. செக்லிஸ்டில் 1,240 என்று ஏறியிருந்தது. ஏற்றுமதியாளரும் பார்த்துவிட்டு ஓகே என்று மெயில் போட்டுவிட்டார். அதற்குப் பிறகும் அவள் உட்கார்ந்து ஒப்பிட்டாள், கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினாள். அப்போதே திருத்தித்தான் சுங்கத்தின் ஐஸ்கேட் இணையதளத்தில் போட்டோம்.

அது அப்படியே போயிருந்தால் சுங்கச் சட்டத்தின் 149-ஆம் பிரிவின் கீழ் திருத்தம் கேட்டுக் கடிதம், ஆவணங்கள், அதிகாரியின் அனுமதி என்று அலைந்திருப்போம். சரக்கு அப்போது மாதவரத்தில் சி.எஃப்.எஸ் என்கிற கன்டெய்னர் சரக்கு நிலையத்தில் காத்திருந்தது. கப்பலுக்குச் சரக்கு வந்து சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃப் தவறியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பெரம்பூர் புரூஃப் ரீடர்

சார், இதுதான் உங்கள் வரி. வேறு எதையும் தேட வேண்டாம். ‘சின்சியர்’ என்று நீங்கள் சொல்ல நினைத்தது இதைத்தான். ஒப்புதல் வந்த பிறகும் உட்கார்ந்து பார்த்தாள் என்பது தெரிந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

ஆனால் முழுக் கதையும் ஒரு வரிக்குள் வராது, வரவும் வேண்டாம். வாடிக்கையாளரின் சரக்கு, எடை, அவர் ஓகே சொன்னது எதுவும் வெளியே போகக் கூடாது. செயலை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலத்தைப் பிரிப்பது இப்போது சுலபம். அவள் உங்கள் அலுவலகத்தில் செய்ததெல்லாம் சாதாரணக் கடந்த காலம்: ‘செக்ட்’, ‘காட்’. நீங்கள் இன்றைக்கு நின்று சொல்வது இன்றைக்குரிய வினை: ‘ஐ ரெக்கமண்ட்’ அல்லது ‘ஐ வுட் ஹயர்’. நடந்ததற்கு அவள் எழுவாய், இன்றைய கருத்துக்கு நீங்கள் எழுவாய். அப்போது மணலி மேடம் சொன்ன ‘அப்போ இருந்தாள், இப்போ இல்லையா’ என்ற சந்தேகம் வராது. கடைசி வினை இன்றைக்குரியதாக இருப்பதால் படிப்பவர் அதோடுதான் போவார்.

```
She interned with us in June and July 2023, checked shipping bill checklists line by line against invoices and packing lists, and caught errors before we filed; I would gladly hire her again.
```

ஆண்டு மட்டும் போட்டால் வருடம் முழுக்க இருந்தாள் என்று தோன்றும். மாதத்தையும் சேர்த்தது அதற்காக.

பழைய வண்ணை ஆசிரியர்

‘இன்டர்ன்ட்’ என்று எழுதுவதா? அகராதியைப் பாருங்கள். போர்க்காலத்தில் ஆட்களைப் பிடித்து முகாமில் அடைத்து வைப்பதற்குத்தான் அந்த வினை. அது பெயர்ச்சொல்லாக மட்டும் வரட்டும்.

பெரம்பூர் புரூஃப் ரீடர்

அந்தப் பொருள் இருப்பது உண்மை ஐயா, பழைய பொருளும் அதுதான். பயிற்சியில் இருந்தாள் என்ற பொருளும் இப்போது அகராதிகளில் ஏறிவிட்டது. ‘ஷி இன்டர்ன்ட் வித் அஸ்’ என்றால் ஆபத்து இல்லை. ‘ஷி வாஸ் இன்டர்ன்ட்’ என்று ஒரு ‘வாஸ்’ நுழைந்தால்தான் நீங்கள் சொல்கிற சிறை வந்துவிடும். அந்த ‘வாஸ்’ஸை நான் நிறையப் பேர் எழுத்தில் பார்த்திருக்கிறேன், அதனால் நீங்கள் எச்சரித்தது நல்லதே. இருந்தாலும், நண்பருக்கு அது உறுத்தினால் ‘ஆஸ் அவர் இன்டர்ன்’ என்று தொடங்கிக்கொள்ளட்டும்.

மணலி எச்ஆர்

‘ஐ வுட் கிளாட்லி ஹயர் ஹெர் அகெய்ன்’ எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அது உண்மையாக இருந்தால்தான். சார், உங்களுக்கு ஆள் எடுக்கிற அதிகாரம் இருக்கிறதா? உங்கள் இடத்தில் ஒரு காலியிடம் வந்தால் அவளை எடுப்பீர்களா? சில நேரம் நான் பரிந்துரை எழுதியவரையே கூப்பிட்டுக் கேட்டிருக்கிறேன். அப்போது அவர் இழுத்தால் வரி முழுக்க விழுந்துவிடும்.

தண்டையார்பேட்டைக்காரன்

எடுக்கிற அதிகாரம் என்னிடம் இல்லை மேடம், முதலாளிதான் முடிவு செய்வார். அதனால் அந்த வரியை நான் எழுத முடியாது. டாக்குமென்டேஷன் வேலைக்கு அவளைப் பரிந்துரைக்கிறேன் என்பது மட்டும் என் வாயால் உறுதியாகச் சொல்ல முடியும், யார் போன் செய்து கேட்டாலும் சொல்வேன்.

காசிமேடு கடலோரம்

அதுவே போதும் சார். ‘ஃபார் எனி ரோல்’ என்று பரவலாகப் போடாமல் டாக்குமென்டேஷன் என்று குறிப்பிட்டால் இன்னும் நல்லது. அவள் விண்ணப்பிக்கிற வேலையும் அதுதானே? ‘ஃபெண்டாஸ்டிக்’, ‘அசெட்’ என்று யாராவது சேர்க்கச் சொன்னாலும் சேர்க்காதீர்கள்.

ஜி கார்டு

‘ஷிப்பிங் பில் செக்லிஸ்ட்ஸ்’ என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். வெளி ஆளுக்குப் புரியாமல் போகலாம், ஆனால் எங்கள் ஆள் அந்த ஒரு சொல்லில் இந்தப் பெண் உண்மையாகவே அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்வார். ‘எக்ஸ்போர்ட் டாக்குமென்ட்ஸ்’ என்று பொதுவாக்கினால் அது போய்விடும்.

தண்டையார்பேட்டைக்காரன்

கடைசியில் இப்படி வைத்திருக்கிறேன். ஆசிரியர் ஐயா சொன்னதற்காகத் தொடக்கத்தை மாற்றினேன்.

```
As our intern in June and July 2023, she checked shipping bill checklists line by line against invoices and packing lists and caught errors before we filed; I recommend her for documentation work.
```

முன்பு அனுப்பியதையே திருத்தி அனுப்ப முடியுமா, புதிதாக எழுத வேண்டுமா?

மணலி எச்ஆர்

உங்கள் பக்கத்தில் பரிந்துரைகள் பகுதிக்குப் போனால் நீங்கள் கொடுத்தவை தனியாக இருக்கும். அங்கிருந்தே திருத்தலாம், புதிதாக எழுத வேண்டியதில்லை. உறவு என்ன என்பதில் நேரடியாக மேற்பார்த்தவர் என்று இருக்கிறதா, அவள் பதவி 2023-ல் உங்களிடம் இருந்ததுதானா என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வேறு பதவி அங்கே நின்றால் வரியில் காலத்தைத் திருத்தியும் பயனில்லை.

பழைய வண்ணை ஆசிரியர்

வாக்கியம் சுத்தமாக இருக்கிறது. வாழ்த்துகள். ஆனாலும் அவள் குணத்தைப் பற்றி ஒரு நிகழ்காலச் சொல் வர வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. ‘ஷி இஸ் கேர்ஃபுல்’ என்று இரண்டு சொல் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? குணம் 2023-ஓடு முடிந்துவிடுமா?

பெரம்பூர் புரூஃப் ரீடர்

முடியாது ஐயா, இலக்கணப்படி ‘இஸ்’ அங்கே சரிதான். நண்பர் அவளை வேலையில் பார்த்து நாளாகிவிட்டதே என்பதுதான் என் தயக்கம். பார்த்ததைச் சொன்னால் போதும் என்பது என் பக்கம், உங்களுடையது வேறு. எழுதுகிறவர் முடிவு செய்யட்டும்.

தண்டையார்பேட்டைக்காரன்

‘கேர்ஃபுல்’ சேர்க்கவில்லை ஐயா, மன்னியுங்கள். செக்லிஸ்ட் வரியிலேயே அது இருப்பதாக எனக்குப் படுகிறது. அவள் பதவியைப் பார்த்தேன், வேறு ஒன்று நின்றது, 2023-ல் எங்களிடம் இருந்ததாக மாற்றிவிட்டேன். திருத்தி அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமை அவளுக்கு நேர்காணல் என்றாள்.

எண்ணூர் தம்பி

மேடம், தனி இழை போட்டுவிட்டேன். மெயிலை இன்று அனுப்பினேன், தவறான தேதி, சரியான தேதி இரண்டும் எழுதி. சூப்பர்வைசருக்கும் நகல் வைத்தது சரிதானே?

மணலி எச்ஆர்

சரிதான் தம்பி. மீதியை அந்த இழையில் சொல்கிறேன்.